வட்டம் போட வேண்டிய வரி எது? தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை

மண்ணூரிலிருந்து ஒரு வாசகர், தன் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையை நகலெடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கடிதம். "போர் தண்ணியில டி.டி.எஸ். 1080 வந்திருக்கு. ஆர்.ஓ. மெஷின் போட்டே ஆகணும்னு கடைக்காரர் சொல்றார். இதே தண்ணிய முன்னாடி மண் பரிசோதனை நிலையத்துல கொடுத்தப்ப, பாசனத்துக்குப் பயன்படுத்தலாம்னுதான் எழுதிக் கொடுத்தாங்க. எதை நம்புறது? வீட்டுல நாலு மாசக் குழந்தை இருக்கு, புட்டிப்பால்தான் கொடுக்கிறோம்" என்று எழுதியிருந்தார். அறிக்கையில் டி.டி.எஸ். என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டமும் போட்டிருந்தார்.

அந்த அறிக்கையில் வட்டம் போட வேண்டிய வரிகள் இரண்டு. டி.டி.எஸ். அந்த இரண்டில் ஒன்று இல்லை.

முதலில் பாசன அறிக்கையைப் பார்த்துவிடுவோம். மண் பரிசோதனை நிலையத்தில் நாங்கள் பார்ப்பது, அந்தத் தண்ணீர் மண்ணை உவராக்குமா, களராக்குமா, பயிரைக் கருக்குமா என்பதைத்தான். அதற்கு மின் கடத்துத் திறன், கார அமில நிலை, சோடியம், கார்பனேட் போன்றவை போதும். கிருமிப் பரிசோதனை அங்கே கிடையாது. எனவே அந்தச் சான்று பயிருக்கு மட்டும்தான். மனிதர் குடிப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இந்த வாசகரின் பாசன அறிக்கையில் மின் கடத்துத் திறன் 1.7 டெசிசீமன் என்று இருந்தது. அதை 640-ஆல் பெருக்கினால் சுமார் 1088 வரும். அதாவது குடிநீர் அறிக்கையில் வந்திருக்கும் 1080-ம் இதுவும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டு ஆய்வகங்களும் முரண்படவில்லை. கேட்ட கேள்விதான் வேறு.

இனி குடிநீர் அறிக்கை. அதிலிருந்த முக்கியமான எண்கள் இவை. எல்லாம் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு:

மொத்தக் கரைந்த திடப்பொருள் (டி.டி.எஸ்.) – 1080
மொத்தக் கடினத்தன்மை – 460
குளோரைடு – 290
நைட்ரேட் – 68
ஃபுளோரைடு – 0.6
மொத்தக் கோலிஃபார்ம் – 100 மில்லியில் 49
இ.கோலை – 100 மில்லியில் 13

இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்துக்கு ஐ.எஸ். 10500 என்று பெயர். இப்போது நடைமுறையில் உள்ளது 2012-ல் திருத்தி வெளியிட்டது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம், இவ்வளவுக்குள் இருந்தால் நல்லது என்ற அளவு. இரண்டாம் கட்டம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் பொறுத்துக்கொள்ளலாம் என்ற உச்ச அளவு. டி.டி.எஸ்.ஸுக்கு முதல் கட்டம் 500, இரண்டாம் கட்டம் 2000. கடினத்தன்மைக்கு 200, 600. குளோரைடுக்கு 250, 1000. பல அறிக்கைகளில் முதல் கட்டத்தை மட்டும் அச்சிட்டு, அதைத் தாண்டியதைத் தடித்த எழுத்தில் காட்டிவிடுகிறார்கள். வாங்கிப் பார்ப்பவருக்கு எல்லாமே ஆபத்துப் போலத் தெரியும். நம் வாசகரின் தண்ணீர் இந்த மூன்றிலுமே முதல் கட்டத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டத்துக்குள் நிற்கிறது.

டி.டி.எஸ். 1080 என்றால் என்ன? ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டி, முழுவதும் வற்ற வைத்தால், அடியில் ஒரு கிராமுக்குச் சற்றே அதிகமாக உப்பு நிற்கும். அது சோற்றுப்பு மட்டுமல்ல. சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் எல்லாம் சேர்ந்த கலவை. நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தாலும் உள்ளே போவது மூன்று கிராம் சொச்சம்தான். வாயில் சப்பென்று இருக்கும், பருப்பு வேக நேரமாகும், டீயின் ருசி கெடும். இரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் இந்த அறிக்கையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களை இந்த எண் நாளைக்கே படுக்க வைக்காது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பல இடங்களில் நிலத்தடியில் களிப்பாறைப் படுகை இருக்கிறது. அதில் ஊறி வரும் தண்ணீரில் இந்த அளவு உப்பு இருப்பது வியப்பில்லை.

கடினத்தன்மையும் அப்படித்தான். 460 என்பது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கணக்கு. சோப்பு நுரைக்காது, தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறும், குழாயின் சல்லடை அடைக்கும், சொட்டுநீர்க் குழாய் வைத்திருப்பவர்களுக்கு அதன் துளையும் அடைக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் பைகார்பனேட்டோடு சேர்ந்த பகுதி அடியில் படிந்துவிடும். மேலே உள்ளதை வடித்துக்கொண்டால் கடினத்தன்மை நன்றாகவே குறைந்திருக்கும். கடினத்தன்மைக்கு உடல்நலத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் எந்த உச்ச அளவையும் வகுக்கவில்லை. "சுண்ணாம்புத் தண்ணி குடிச்சா கல்லு வரும்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். கல் வருவதற்குப் போதிய தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்வதே பெரிய காரணம். உப்புத் தண்ணீர் என்று வெறுத்துக் குறைவாகக் குடிப்பவருக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல்.

கடைசி இரண்டு வரிகள்

அறிக்கையின் அடியில், பலர் படிக்காமல் மடித்து வைத்துவிடும் இடத்தில், இ.கோலை 13 என்று இருக்கிறது. இதற்கு ஐ.எஸ். 10500-ல் இரண்டாம் கட்டமே கிடையாது. குடிக்கும் தண்ணீர் எதுவாயினும், எந்த 100 மில்லியை எடுத்துப் பார்த்தாலும் இது இருக்கக் கூடாது. வேறு நீராதாரம் இல்லை என்ற சலுகை இங்கே இல்லை.

கோலிஃபார்ம் என்பது ஒரு பெரிய குடும்பம். மண்ணிலும் இலை தழையிலும் கூட அதன் உறுப்பினர்கள் உண்டு. ஆகவே மொத்தக் கோலிஃபார்ம் மட்டும் கொஞ்சம் வந்து, இ.கோலை இல்லை என்றால், குழாயிலோ தொட்டியிலோ அழுக்குச் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இ.கோலை அப்படியல்ல. அது மனிதர், ஆடு மாடு, கோழி ஆகியவற்றின் குடலில் வாழ்வது. வெளித் தண்ணீரில் நெடுநாள் தங்காது. அது இருந்தால் அண்மையில் மலமோ சாணமோ அந்தத் தண்ணீரோடு கலந்திருக்கிறது என்று பொருள். இ.கோலையில் பெரும்பாலான வகைகள் நமக்குத் தீங்கு செய்யாதவை. ஆனால் அது வந்த வழியிலேயே டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலைக் கிருமிகளும் வரலாம். அதற்காகத்தான் அதைத் தேடுகிறார்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் எம்.பி.என். என்று எழுதியிருக்கும். ஆய்வகத்தில் தண்ணீரை வெவ்வேறு அளவில் ஊட்டக் கரைசல் உள்ள பல குழாய்களில் ஊற்றி, சூட்டுப் பெட்டியில் வைப்பார்கள். கிருமி இருந்தால் வளர்ந்து வாயு குமிழியிடும். எத்தனை குழாயில் குமிழி வந்தது என்பதை வைத்து, அட்டவணையைப் பார்த்து, 100 மில்லியில் பெரும்பாலும் இத்தனை இருக்கலாம் என்று கணிப்பார்கள். எனவே 13 என்பது எண்ணிப் பார்த்த 13 அல்ல, மதிப்பீடு. அடுத்த முறை 8 வரலாம், 23 வரலாம். "13-லிருந்து 8 ஆகிவிட்டதே" என்று மகிழ ஒன்றுமில்லை. '2-க்குக் குறைவு' என்று வந்தால் பயப்படவும் வேண்டாம். அந்த முறையில் எதுவும் தென்படவில்லை என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள்.

ஆர்.ஓ. கடைக்காரர் கொண்டு வரும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து உப்பைக் கணிக்கிறது. கிருமி அதன் கண்ணுக்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரில் உப்புக் குறைவாக இருந்தால் அதுவும் 150 என்று காட்டும். கேன் தண்ணீரில் அந்த மீட்டரை வைத்து '60 தான், சுத்தமான தண்ணீர்' என்று சொல்வதும் அதே கதைதான். 500-க்கும் குறைவான டி.டி.எஸ். உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை என்பதால், அத்தகைய இடங்களில் அதற்குத் தடை விதிக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொன்னது.

சாணம்தானே என்று நினைத்தால்

மனிதக் கழிவு என்றால் அருவருப்போம். மாட்டுச் சாணம் என்றால் நம் வீடுகளில் அப்படி நினைப்பதில்லை. கனடாவில் வாக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர். விவசாயம் சூழ்ந்த ஊர். 2000-ம் ஆண்டு மே மாதம் அங்கே பெருமழை பெய்தது. ஊருக்குத் தண்ணீர் தந்த ஒரு ஆழமில்லாத கிணற்றுக்கு அருகில் உள்ள பண்ணையில் எருவிட்டிருந்தார்கள். மழை அந்தச் சாணத்தின் கிருமியை நிலத்துக்குள் இறக்கிக் கிணற்றில் சேர்த்தது. அது இ.கோலையிலேயே கொடிய வகை. 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் அந்த விவசாயியைக் குற்றம் சொல்லவில்லை. அவர் முறைப்படிதான் எருவிட்டிருந்தார். குளோரின் போதிய அளவு இருக்கிறதா என்று நாள்தோறும் ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்த நோயின் பரவல் பெருமளவு குறைந்திருக்கும் என்பதுதான் ஆணையம் கண்ட முடிவு.

நைட்ரேட் 68

வட்டம் போட வேண்டிய இன்னொரு வரி இது. நைட்ரேட்டுக்கு உச்ச அளவு 45. இதற்கும் தளர்வு கிடையாது. யூரியா அதிகம் இட்ட வயல், மாட்டுக் கொட்டகையின் மூத்திர வடிகால், செப்டிக் டேங்க் ஆகியவற்றிலிருந்து அது நிலத்துக்குள் இறங்கும். இ.கோலையும் நைட்ரேட்டும் ஒரே அறிக்கையில் கைகோத்து வந்தால், கழிவுத் தொட்டியையோ கொட்டகையையோதான் முதலில் சந்தேகிப்பேன். வயல் மட்டும் காரணமாக இருந்தால் பெரும்பாலும் நைட்ரேட் தனியாக வரும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான் நைட்ரேட்டால் உடனடி ஆபத்து. குழந்தையின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் கலந்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை அது.

இங்கேதான் நல்லெண்ணத்தில் ஒரு தவறு நடக்கிறது. தண்ணீரில் கிருமி என்று கேட்டதும் எல்லோரும் செய்வது கொதிக்க வைப்பது. கிருமிக்கு அது சரியான வைத்தியம். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் நைட்ரேட் கொதித்துப் போகாது. ஒரு லிட்டரை முக்கால் லிட்டராகச் சுண்டவிட்டால், 68 என்பது 90 ஆகிவிடும். குழந்தைக்கு என்று அதிக நேரம் கொதிக்க வைக்கும் தாய், நைட்ரேட்டைக் கூட்டிக் கொடுக்கிறார். அந்த வாசகருக்கு நான் தொலைபேசியில் முதலில் சொன்னது இதைத்தான்: குழந்தையின் பால்பொடிக்கு இந்த போர் தண்ணீர் கொதிக்க வைத்தும் வேண்டாம், ஊராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு அதைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலை இல்லை.

ஆர்.ஓ. இயந்திரம் நைட்ரேட்டைப் பெருமளவு குறைக்கும். அந்த வகையில் கடைக்காரர் சொன்னதில் பயன் உண்டு. அவர் சொன்ன காரணம்தான் வேறு. வாங்கினால், வெளிவரும் தண்ணீரிலும் நைட்ரேட்டும் கிருமியும் சோதிக்க வேண்டும். சவ்வு கிழிந்தாலோ, உள்ளிருக்கும் சிறு தொட்டியைக் கழுவாமல் விட்டாலோ கிருமி மீண்டும் வந்து சேரும்.

கழிவு எங்கிருந்து வந்தது?

நேரில் போய்ப் பார்த்தேன். மண்ணூர்ப் பக்கம் இப்போது பல வீடுகளில் உள்ள நிலைதான் அங்கும். கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட, பின்புறம் வரிசையாக அறைகள் கட்டியிருந்தார்கள். முன்பு ஐந்து பேர் பயன்படுத்திய இடத்தில் இன்று இருபது பேர். கழிவுத் தொட்டி மட்டும் பழையதே. உறை இறக்கி, அடியில் பூசாமல் விட்ட குழி. கழிவுநீர் அப்படியே மண்ணுக்குள் இறங்கும். போரிலிருந்து 25 அடி தூரம்தான். போரின் கேசிங் பைப் தரை மட்டத்தோடு வெட்டப்பட்டு, வாயைச் சாக்கால் சுற்றியிருந்தார்கள். குளிக்கும் தண்ணீர் அதைச் சுற்றித் தேங்கி நின்றது. ஆழம் 120 அடி என்பதால் மேலே உள்ள அழுக்கு எட்டாது என்று வீட்டுப் பெரியவர் நம்பினார். கேசிங் பைப்பின் வெளிப்புறத்துக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள சந்து வழியாகவே அது இறங்கிவிடும்.

வேலை இப்படி நடந்தது. கேசிங்கை ஒன்றரை அடி உயர்த்தி மூடி போட்டார்கள். சுற்றிலும் வெளிப்பக்கம் சரிவாக சிமென்ட் மேடை அமைத்தார்கள். குளியல் நீரை வேறு பக்கம் திருப்பினார்கள். பிறகு போருக்குக் குளோரின். ஆறரை அங்குல போரில் 40 அடியில் தண்ணீர் நின்றது. எனவே 80 அடி நீர்த்தம்பம், சுமார் 520 லிட்டர். ஒருமுறை கடுமையாகச் சுத்தம் செய்ய லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால், 25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் 200 கிராம் பிடிக்கும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் போரில் ஊற்றி, மோட்டாரை ஓட்டி, குழாய்களில் குளோரின் வாடை வந்ததும் நிறுத்தி, இரவு முழுக்க விட்டோம். காலையில் வாடை போகும்வரை தண்ணீரைச் செடியும் குட்டையும் இல்லாத பக்கம் வெளியேற்றினோம். இந்த வேலையைத் திறந்த வெளியில், மூக்கைக் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். கழிப்பறை ஆசிட் எதையும் அருகில் கொண்டுவரக் கூடாது. மூட்டை திறந்து நாளான பிளீச்சிங் பவுடரில் வீரியம் இருக்காது. வாடையே இல்லாத பொடி வெறும் சுண்ணாம்பு.

பத்து நாள் கழித்து மறுபடி எடுத்த மாதிரியில் இ.கோலை இல்லை. நைட்ரேட் 66. இது எதிர்பார்த்ததே. குளோரின் கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டைத் தொடாது. மண்ணில் இறங்கிவிட்டது கரைந்து போக ஆண்டுகள் ஆகும். கழிவுத் தொட்டியை அடி பூசிய மூடு தொட்டியாக மாற்றும் வரை, கிருமியும் திரும்பி வராது என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த போர் தண்ணீர் இப்போதைக்குக் குளிக்க, துவைக்க, மாட்டைக் கழுவ. குடிக்க ஊராட்சிக் குழாய். அதிலும் குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். மருந்துத் துளி விட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் சிறு கருவி ஊராட்சியில் இருக்கும். தொட்டி இயக்குபவரிடம் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் 1000 லிட்டர் தொட்டியில் சேமிப்பவர்கள் 4 கிராம் பவுடரின் தெளிவை ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

பாட்டிலைக் கழுவாதீர்கள்

அறிக்கை சரியாக இருக்க, மாதிரி சரியாக இருக்க வேண்டும். உப்புப் பரிசோதனைக்கான பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு நேர் எதிர். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலை அலசவே கூடாது. உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து சிறிது வைத்திருப்பார்கள். அழுக்கு என்று கழுவிக் கொட்டிவிட்டால், பாட்டிலுக்குள்ளேயே குளோரின் கிருமியைக் கொன்று, இல்லாத சுத்தத்தைக் காட்டும். குழாயை மூன்று நிமிடம் ஓடவிட்டு, வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, மூடியின் உட்புறம் விரல் படாமல், கழுத்தளவு மட்டும் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் மாலை பிடித்து வண்டிப் பெட்டியில் வெயிலில் கொண்டுபோன பாட்டிலுக்கு வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் தனியாரும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலும் தண்ணீர் பரிசோதிக்கிறார்கள். கொடுக்கும்போதே 'வேதியியல், கிருமியியல் இரண்டும்' என்று எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் உப்புக் கணக்கு மட்டும் வரும். நைட்ரேட் எந்தக் கணக்கில் என்றும் பாருங்கள். 'நைட்ரஜனாக' என்று போட்டிருந்தால் அதை 4.4-ஆல் பெருக்கி 45-உடன் ஒப்பிட வேண்டும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தந்திருக்கிறார்கள். அதில் உள்ள சிறு குப்பியில் தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி இருக்கும்போது கறுத்துப் போகும். எண் எதுவும் தராது, ஆனால் ஆய்வகத்துக்குப் போக வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும்.

உப்பும் கடினத்தன்மையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்; அவை மெதுவாகத்தான் மாறும். கிருமிக்கு நாள் பார்க்க வேண்டும். கோடையில் எடுத்த 'இல்லை' என்ற அறிக்கை ஐப்பசி, கார்த்திகைக்குச் செல்லாது. வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை பெய்து, தண்ணீர் தேங்கி வடிந்த ஒரு வாரத்துக்குள் பாட்டிலோடு போய் நில்லுங்கள்.